ஒப்பந்தம் எழுத வக்கீல் கேட்பது ஒரு சதவீதமா, ஒரே தொகையா? டர்பனில் முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு

ஊரிலிருந்து வந்த நம் ஆட்களுக்கு "ஒரு பர்சென்ட்" என்ற வார்த்தை காதில் உறுத்தாது. அங்கே வீட்டுப் புரோக்கருக்கு ஒரு பர்சென்ட், இரண்டு பர்சென்ட் கொடுத்துப் பழகிவிட்டோம். பத்திரம் எழுதுகிறவரும் சில இடங்களில் சொத்தின் மதிப்பைப் பார்த்துத்தான் கேட்பார். அதனால் டர்பனில் ஒரு வக்கீல் "சேல் அக்ரிமென்ட் எழுத வீட்டு விலையில் ஒரு சதவீதம்" என்று சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். பக்கத்துத் தெருவில் இன்னொருவர் அதே வேலைக்கு ஒரே தொகையாக ஒரு கட்டணம் சொல்லியிருப்பார், அதைக் கேட்டுப் பார்த்திருக்கவே மாட்டோம்.

ஏஜென்ட் மூலம் வாங்கினால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது, ஏனென்றால் ஒப்பந்தப் படிவத்தை ஏஜென்டே கொண்டுவந்துவிடுவார், அதற்குத் தனிக் கட்டணமும் இருக்காது. நான் சொல்லப்போவது ஏஜென்ட் இல்லாமல் தெரிந்தவர் மூலமாக, கோயிலில் பழகியவர் மூலமாக, நேரடியாக விற்பவரிடம் பேசி வாங்குகிறவர்களுக்கு. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கமெல்லாம் இது சகஜம்.

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். இங்கே விற்பனை ஒப்பந்தம் என்பது ஊரில் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து எழுதிக்கொள்கிற காகிதம் மாதிரி இல்லை. 1981-ஆம் ஆண்டின் நில விற்பனைச் சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும், அப்படிப் போட்டுவிட்டால் அது கட்டுப்படுத்தும். "யோசித்துப் பார்த்தேன், வேண்டாம்" என்று பின்வாங்க ஐந்து வேலை நாள் அவகாசம் உண்டுதான், ஆனால் அது 2,50,000 ராண்டுக்கு மேல் போகாத வீடுகளுக்கு மட்டும். இன்றைக்கு அந்த விலைக்கு நகரத்தில் வீடு ஏது? ஆகவே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் தலையெழுத்து, அதை எழுதுகிறவருக்கு எப்படிக் காசு கொடுப்பது என்பதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பாருங்கள், குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. ஒப்பந்தம் எழுதுவது ஒன்று. வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றிப் பதிவு செய்வது இன்னொன்று. இரண்டாவதைக் கன்வேயன்சர் என்ற தகுதி பெற்ற வக்கீல்தான் செய்ய முடியும், குவாசுலு-நட்டால் சொத்து என்றால் அது பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போகும். கன்வேயன்சரின் கட்டணத்துக்கு ஒரு வழிகாட்டி அட்டவணை இருக்கிறது, அது வீட்டின் விலை ஏற ஏற ஏறும், அதுவும் வழிகாட்டிதான், பேசிக் குறைக்கலாம். ஒப்பந்தம் எழுத ஒரு சதவீதம் கேட்கிற வக்கீல் சில நேரம் "அட்டவணைப்படிதான் கேட்கிறேன்" என்பார். அப்போது உடனே கேளுங்கள்: "நீங்கள் சொல்வது பதிவு மாற்றத்துக்கான அட்டவணையா, இல்லை ஒப்பந்தம் எழுதுவதற்கா? இரண்டும் ஒன்றா, தனித்தனியா?" ஒரே அலுவலகம் இரண்டையும் செய்யப்போகிறது என்றால், விலையை ஒட்டி ஒரு கட்டணம் ஏற்கெனவே பதிவு மாற்றத்தில் வாங்கப்போகிறார்கள். ஒப்பந்தத்துக்கும் விலையை ஒட்டி இன்னொன்று என்றால் அதே விலையை வைத்து உங்களிடம் இரண்டு தடவை வாங்குகிறார்கள் என்று அர்த்தம். பதிவு மாற்ற வேலை தங்களுக்கே வரும் என்றால் ஒப்பந்தத்தைக் காசு வாங்காமலேயே எழுதித் தரும் அலுவலகங்களும் இருக்கின்றன, கேட்டால்தான் சொல்வார்கள்.

இன்னொன்று: கன்வேயன்சரை வழக்கப்படி விற்பவர்தான் நியமிப்பார், காசு கட்டுவது நீங்கள். காசு கட்டுவதால் அவர் உங்கள் வக்கீல் ஆகிவிட மாட்டார். விற்பவரின் வக்கீல் எழுதிய ஒப்பந்தத்தை உங்களுக்காக வேறொருவர் ஒருமுறை படிக்க வேண்டும், அது மணிக் கணக்கில் கட்டணம் வாங்குகிற வேலை, ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். போன வருடம் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பியும் அவர் மனைவியும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பழைய இரட்டை வீட்டில் பாதியை, அதாவது நடுச்சுவர் பொதுவாக இருக்கிற வீட்டை, 14,50,000 ராண்டுக்குப் பேசி முடித்தார்கள். விற்கிற அம்மா அந்த வீட்டிலேயே பல வருடம் இருந்தவர். தம்பி இரண்டு வக்கீல்களிடம் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். முதலாமவர்: ஒரே தொகை, 6,500 ராண்ட். இரண்டாமவர்: வீட்டு விலையில் 1%, குறைந்தது 8,000.

"அண்ணே, ஒரு பர்சென்ட்தானே, சின்னத் தொகைதானே?" என்றார்.

சதவீதத்தைச் சதவீதமாகவே மனதில் வைத்திருக்கும் வரை அது சின்னதாகத்தான் தெரியும். அதனால் முதல் வேலை, இரண்டையும் ராண்டாக்குங்கள், வாட் வரியையும் சேர்த்து. 14,50,000-இல் 1% என்பது 14,500. வாட் பதிவு பெற்ற அலுவலகம் என்றால் அதன் மேல் 15%, அதாவது 2,175, மொத்தம் 16,675. ஒரே தொகை 6,500 என்றால் வரி 975, மொத்தம் 7,475. வித்தியாசம் 9,200 ராண்ட். ஒரு காகிதத்தில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் அது ஒப்பிடுவது ஆகாது, ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே வேலையைச் சொல்லவில்லை. ஒரே தொகை சொன்னவரிடம் திரும்பப் போய் "இதற்குள் என்னென்ன வரும்?" என்று எழுத்தில் கேட்கச் சொன்னேன். பதில் வந்தது: ஒரு சந்திப்பு, முதல் வரைவு, இரண்டு முறை திருத்தம். அதற்கு மேல் போனால் மணிக்கு 1,800. சதவீதக்காரர் சொன்னது: இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும் வரை எத்தனை திருத்தம் வந்தாலும் அதற்குள். ஆக, சதவீதத்தில் கூடுதலாகக் கிடைப்பது என்ன? அளவில்லாத திருத்தம். அதன் விலை, 14,500-இல் 6,500 போக, 8,000 ராண்ட், வரி தனி. 8,000-ஐ 1,800-ஆல் வகுத்தால் ஏறக்குறைய நாலரை மணி நேரம். எனவே கேள்வி இப்படி மாறுகிறது: இந்த ஒப்பந்தத்துக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல் கூடுதல் வேலை வருமா, வராதா? இந்தக் கேள்விக்கு உங்களாலேயே ஓரளவு பதில் கண்டுபிடிக்க முடியும்.

எப்படி என்றால், வேலையைக் கூட்டுவது விலை இல்லை. 40 லட்சம் ராண்ட் வீட்டை ஒரே ஒரு உரிமையாளர், கடன் இல்லாமல், ரொக்கத்துக்கு விற்றால் ஒப்பந்தம் சில பக்கங்களில் முடிந்துவிடும். 7 லட்சம் ராண்ட் வீடு அப்பா பெயரில் இருந்து, அப்பா இறந்து, ஐந்து பிள்ளைகள் இருந்தால் வக்கீலுக்குத் தலைவலி அங்கேதான். ஆகவே கட்டணம் கேட்கப் போகும் முன்னாலேயே சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

பத்திரப் பதிவு அலுவலகத்தின் ஆவணத் தேடலைச் சின்னக் கட்டணம் கட்டி யாரும் எடுக்கலாம். வீடு யார் பெயரில் இருக்கிறது, அதன் மேல் பாண்ட் இருக்கிறதா (இங்கே வீட்டுக் கடனை பாண்ட் என்றுதான் சொல்வார்கள்), தடை ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்பதெல்லாம் அதில் வந்துவிடும். தம்பி எடுத்த தேடலில் வந்தது இதுதான்: வீடு அந்த அம்மா பெயரிலும் அவருடைய கணவர் பெயரிலும் இருக்கிறது. கணவர் இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. அந்த அம்மா பொய் சொல்லவில்லை, தன் வீடுதானே என்று நினைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஆனால் இறந்தவரின் பங்கை விற்க, அவருடைய சொத்தை நிர்வகிக்க உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் நியமித்த எக்ஸிகியூட்டர் கையெழுத்துப் போட வேண்டும், அவரிடம் நியமனக் கடிதம் இருக்க வேண்டும், பதிவுக்கு முன் மாஸ்டரின் ஆட்சேபணை இல்லை என்ற குறிப்பும் வேண்டும். எக்ஸிகியூட்டர் இல்லாமல் அந்த அம்மா மட்டும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு இறந்தவரின் பங்கை யாரும் மாற்றித் தர முடியாது.

இரண்டாவது சிக்கல் நம்மிடமே இருக்கும், அது பலருக்குத் தெரியாது. இந்தியாவில் திருமணமானவர் என்றால், திருமணச் சொத்து விஷயத்தில் இங்கே பெரும்பாலும் கணவர் திருமணத்தின்போது எந்த நாட்டில் நிரந்தரமாக இருந்தாரோ அந்த நாட்டுச் சட்டத்தைத்தான் பார்ப்பார்கள். பதிவு ஆவணங்களிலும் அப்படியே குறிப்பிடுவார்கள், கணவனோ மனைவியோ ஒருவர் பெயரில் மட்டும் வாங்கினாலும் மற்றவரின் துணைக் கையெழுத்தைக் கேட்கக்கூடும். இதை வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் ஒரு வரியில் முடியும். கடைசியில் சொன்னால் திருத்தம், திரும்பக் கையெழுத்து, இன்னொரு மணி நேரம்.

மூன்றாவது, கூடுதல் கட்டடம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பழைய வீடுகளில் பின்னால் ஓர் அறை, பக்கத்தில் ஒரு கார் ஷெட் என்று கட்டியிருப்பார்கள், நகராட்சி அனுமதித்த வரைபடத்தில் அது இருக்காது. வரைபடத்தை யார் சரி செய்வது, யார் செலவில், எந்தத் தேதிக்குள் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். "உள்ளது உள்ளபடி", அதாவது இங்கே ஃபூட்ஸ்டூட்ஸ் என்று சொல்கிற ஷரத்தை மட்டும் போட்டுவிட்டு விட்டால் பிறகு நீங்கள்தான் அலைய வேண்டும்.

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு வக்கீல்களுக்கும் ஒரே மாதிரி அனுப்புங்கள். வெறும் "ஒப்பந்தம் எழுத எவ்வளவு" என்று கேட்டால் இருவரும் வேறு வேறு வேலையை மனதில் வைத்து விலை சொல்வார்கள். தம்பி அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"விலை 14,50,000. ஏஜென்ட் இல்லை. வங்கிக் கடன் எடுக்கிறேன். விற்பவரின் கணவர் இறந்துவிட்டார், வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது. நாங்கள் இந்தியாவில் திருமணமானவர்கள். பின்னால் உள்ள அறைக்கு அனுமதி வரைபடம் இருக்கிறதா என்று தெரியவில்லை. வரி உட்பட மொத்தக் கட்டணம் எவ்வளவு? எத்தனை திருத்தம் அதில் அடங்கும்? அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு? கட்டணம் எப்போது கொடுக்க வேண்டும்? கடன் கிடைக்காமல் ஒப்பந்தம் முறிந்தால் எவ்வளவு கொடுக்க வேண்டும்?"

கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சதவீதக் கட்டணத்தில் உண்மையான நல்லது ஒன்று இருக்க முடியும் என்றால் அது இங்கேதான். பதிவு முடிந்த பிறகுதான் தர வேண்டும் என்றால், வங்கி கடன் மறுத்து எல்லாம் கலைந்தாலும் நீங்கள் ஒன்றும் கொடுக்க வேண்டாம். ஒரே தொகை அப்படியில்லை, எழுதிய வேலைக்கு எழுதியதும் கொடுக்க வேண்டும். நம் கணக்கில் 7,475 நிச்சயச் செலவு, 16,675 வீடு கைக்கு வந்தால் மட்டும் என்று வைத்துக்கொண்டால், வீடு கைக்கு வரும் வாய்ப்பு பாதிக்கும் கொஞ்சம் குறைவாக இருக்கும்போதுதான் சதவீதம் லாபம். வங்கி முன்கூட்டியே உங்கள் வருமானத்தைப் பார்த்து சரி சொல்லியிருந்தால் அந்த அளவுக்குச் சந்தேகம் இருக்காது. அதோடு, பதிவு முடிந்தால்தான் காசு என்கிற வக்கீலிடம் "இந்த வீடு வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்ற ஆலோசனையை எதிர்பார்ப்பது கஷ்டம், ஒப்பந்தம் முறிந்தால் அவருக்கும் நஷ்டம். நான் முதல் வீடு வாங்கியபோது இதை உணரவில்லை. சுவர் ஈரத்தைப் பற்றி நான் இரண்டு தடவை கேட்டும் "அதெல்லாம் சகஜம், கையெழுத்துப் போடுங்கள்" என்றுதான் பதில் வந்தது. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவருடைய காசு என் கையெழுத்தில்தான் இருந்தது.

தம்பி கேட்ட சதவீதக்காரரோ பதிவு வரை காத்திருப்பதாகவும் சொல்லவில்லை. இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட நாளிலேயே முழுத் தொகை, ஒப்பந்தம் பிறகு முறிந்தாலும் திருப்பித் தர மாட்டார். அதாவது சதவீதத்தின் செலவு மட்டும் உண்டு, அதன் பாதுகாப்பு இல்லை. இப்படி ஒரு பதில் வந்தால் எனக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

எந்த மதிப்பில் சதவீதம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். "சொத்து மதிப்பு" என்று மட்டும் இருந்தால் அது நீங்கள் பேசிய விலையா, ஈதெக்வினி நகராட்சி வரிக்காகப் போட்டிருக்கிற மதிப்பா என்று பிறகு தகராறு வரும். நகராட்சி மதிப்பு 11,80,000 என்று இருந்தால் ஒரு சதவீதம் 11,800, பேசிய விலையில் 14,500. குறைந்தபட்சத் தொகை இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் எண்களில் 6,50,000-க்குக் கீழே உள்ள சொத்துக்கு ஒரு சதவீதம் 6,500-ஐவிடக் குறைவாக வரும், அப்போது சதவீதம்தான் மலிவு என்று தோன்றும். ஆனால் "குறைந்தது 8,000" என்ற ஒரு வரி அந்த லாபத்தை அப்படியே எடுத்துவிடுகிறது.

இதில் டிரான்ஸ்ஃபர் டூட்டியைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அரசு வரி, விலையை ஒட்டித்தான் வரும், பேரம் கிடையாது. 2025 ஏப்ரல் 1 முதல் வந்த அட்டவணையில் முதல் 12,10,000-க்கு வரி இல்லை, அதற்கு மேல் 16,63,800 வரை 3%. தம்பியின் வீட்டுக்கு மேலே உள்ள 2,40,000-இல் 3%, அதாவது 7,200. ஒரு மதிப்பீட்டில் இதையும் வக்கீல் கட்டணத்தையும் ஒரே வரியில் கூட்டிப் போட்டிருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

கட்டணம் பேசி முடித்தாலும் வரைவு வந்ததும் ஓர் இடத்தை நீங்களே விரல் வைத்துப் படியுங்கள். அது கடன் ஷரத்து. தம்பி ஒரே தொகை சொன்னவரிடமே வேலையைக் கொடுத்தார். அங்கிருந்து வந்த முதல் வரைவில் "வாங்குபவர் வங்கிக் கடன் பெறுவதற்கு உட்பட்டது" என்று ஒரே வரிதான் இருந்தது. எவ்வளவு கடன், எந்தத் தேதிக்குள், நீட்டிப்பு எப்படி என்று ஒன்றும் இல்லை. இருக்க வேண்டியது: இன்ன தொகைக்குக் குறையாத கடன், இன்ன தேதிக்குள் வங்கியின் எழுத்துமூல அனுமதி, அந்தத் தேதிக்கு முன்னால் இருவரும் கையெழுத்திட்டு நீட்டிக்கலாம். தேதிக்குள் கடன் வராவிட்டால் ஒப்பந்தம் தானாகவே செத்துவிடும், மறுநாள் ஒரு துண்டுக் காகிதத்தில் நீட்டித்தோம் என்று எழுதி அதை உயிர்ப்பிக்க முடியாது, புதிதாகத்தான் எழுத வேண்டும். இதைத் திருத்தச் சொன்னது இலவசத் திருத்தத்தில் ஒன்று. எக்ஸிகியூட்டர், பின்னறை விஷயங்களுக்குக் கூடுதலாக மூன்று மணி நேரம் ஆனது, நியமனக் கடிதத்தைப் பார்த்து, விற்பவர் பகுதியை மாற்றி எழுதி, பின்னறை வரைபடத்துக்கு ஒரு ஷரத்து சேர்த்து. 6,500-உம் 5,400-உம் 11,900, வரியோடு 13,685. இத்தனை சிக்கல் இருந்தும் சதவீதத்தைவிட 2,990 குறைவு, சிக்கல் இல்லாமல் இருந்திருந்தால் 7,475-ஓடு முடிந்திருக்கும். கூடுதல் நேரம் ஓடத் தொடங்கும் முன் தன்னிடம் கேட்க வேண்டும் என்று தம்பி முதலிலேயே மின்னஞ்சலில் எழுதி வாங்கியிருந்தார், அதனால்தான் அது மூன்று மணியில் நின்றது.

பணம் கட்டும் முன் மூன்று விஷயம். அந்த வக்கீலிடம் இந்த வருடத்துக்கான ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாமல் வாடிக்கையாளர் பணத்தை டிரஸ்ட் கணக்கில் வாங்கக் கூடாது. டெபாசிட் கட்டுவதானால் அது வட்டி வரும்படி உங்கள் பெயரில் முதலீடாகப் போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் அந்த வட்டி உங்களுக்கு வராது. வங்கிக் கணக்கு எண் மின்னஞ்சலில் வந்தால் அப்படியே அனுப்பிவிடாதீர்கள், நடுவில் புகுந்து எண்ணை மாற்றி அனுப்பும் திருட்டு இங்கே நிறைய நடக்கிறது. முதல் சந்திப்பில் நீங்கள் வாங்கி வைத்திருக்கிற அலுவலகத் தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டு, ஒவ்வொரு இலக்கமாக அவர்களைப் படிக்கச் சொல்லி, சரிபார்த்த பிறகு கட்டுங்கள்.